பரீட்சைக்கு முந்தின நாள் தம்பிக்கு என்ன எழுதலாம்?

மார்ச் மாதம் வந்துவிட்டால் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வாசகம் சுற்றத் தொடங்கும். பெரியப்பா மகள், சித்தப்பா மகன், அத்தை பையன் என்று யாராவது ஒருவர் வீட்டில் பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளை இருக்கும். 'ஆல் த பெஸ்ட்' என்று ஒருவர் தொடங்கி வைப்பார். அடுத்த அரை மணி நேரத்தில் இருபது பேர் அதையே சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும். அதுவும் பாடத்தைக் கடைசியாக ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டிய நேரத்தில்.

வாழ்த்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் வாழ்த்து சில சமயம் பாரமாகவும் மாறிவிடும். அமெரிக்க உளவியலாளர்கள் ஜெனிஃபர் பட்லரும் ராய் பாமைஸ்டரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கடினமான வேலை ஒன்றைச் செய்பவரை, அவர் ஜெயிக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் வேலை சுமாராகத்தான் வந்தது. தப்பு செய்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை கூடிப்போனது ஒரு காரணம். ஆய்வுக்கூடத்தில் கண்டது தேர்வு அறைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் 'எல்லாரும் உன்னைத்தான் நம்பியிருக்கோம்' என்று எழுதும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வைக்கிற செய்தி இது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் தம்பி. நாளை இயற்பியல் தேர்வு. கல்லூரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பெரியப்பா மகள் அவனுக்கு இப்படி எழுதுகிறாள்:

'தம்பி, நாளைக்குக் கலக்கிடு! 600-க்கு 570-க்குக் கீழ வரவே கூடாது. நம்ம குடும்பத்துல முதல் டாக்டர் நீதான். பயப்படாதே. நல்லாத் தூங்கு.'

அன்பாக எழுதியதுதான். ஆனால் ஒவ்வொரு வரியும் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். நாளைக்கு அவன் எழுதப்போவது 70 மதிப்பெண் வினாத்தாள் ஒன்றை மட்டும். அக்காவோ ஆறு பாடங்களின் மொத்தத்தையும் அவன் முன்னால் வைக்கிறாள். டாக்டர் என்ற சொல் அவனை நீட் தேர்வு வரைக்கும் இழுத்துப் போய்விடுகிறது. 'பயப்படாதே' என்றால் பயம் போய்விடாது. பயப்படுவதே தப்பு என்ற இன்னொரு கவலைதான் சேரும். 'நல்லாத் தூங்கு' என்று கட்டளையிட்டால், தூக்கம் வராத பிள்ளை மணியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

இந்த நான்கையும் எடுத்துவிட்டால் எழுத என்ன மிஞ்சும்? அக்காவுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று மிஞ்சும். அவள் அதே அறையில், அதே மாதிரி வினாத்தாளோடு உட்கார்ந்தவள். தேர்வு மணி காலை 10-க்கு அடித்தாலும் உடனே எழுத விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வினாத்தாளை வாசிக்க 10 நிமிடம், விடைத்தாளில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம் கொடுப்பார்கள். 10:15-க்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும். பதற்றம் அதிகமாக இருப்பது பெரும்பாலும் இந்தக் கால் மணி நேரத்தில்தான். கை சும்மா இருக்கும், கண்ணில் முதலில் படுவது தெரியாத கேள்வியாக இருக்கும்.

இயற்பியல் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 15. இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பது கேள்விகள் கொடுத்து ஆறு எழுதச் சொல்வார்கள், மூன்று மதிப்பெண் பகுதியிலும் அப்படியே. ஆனால் இரண்டு பகுதிகளிலும் ஒரு கேள்வி கட்டாயம். ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்தும் 'இது அல்லது அது' வகை. ஆக, அந்த 10 நிமிடத்தில் செய்ய ஒரு வேலை இருக்கிறது: கட்டாயக் கேள்வி எது என்று பார்ப்பது, எவற்றை விடலாம் என்று முடிவு செய்வது. இதை நினைவுபடுத்தினால் போதும்.

பயத்தைப் பற்றிச் சொல்லவும் வேறு வழி உண்டு. ஜெரமி ஜேமிசனும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாரான மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், நெஞ்சு படபடப்பது தேர்வைக் கெடுக்காது, நல்லபடி செய்யவும் உதவலாம் என்று சொல்லி வைத்தார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பை விரட்ட வேண்டியதில்லை, அதற்கு வேறு அர்த்தம் கொடுத்தால் போதும்.

இப்போது அக்காவின் செய்தியைத் திருத்தி எழுதலாம்:

'தம்பி, நாளைக்கு ஃபிசிக்ஸ்ல. உள்ள போனதும் நெஞ்சு படபடன்னு அடிக்கும், எனக்கும் அடிச்சுது. உடம்பு தயாராகுதுன்னு அர்த்தம். முதல் 10 நிமிஷத்துல கட்டாயக் கேள்வியைப் பார்த்துட்டு, எதை விடலாம்னு முடிவு பண்ணிக்கோ. தெரியாத கேள்வி கண்ணுல பட்டா அடுத்ததுக்குப் போயிடு. மார்க் எவ்வளவுன்னு நான் கேக்க மாட்டேன். பதில் போட வேணாம், வேலையைப் பாரு.'

இதில் நாளைய தாளைத் தாண்டிப் போகும் வரி ஒன்றுகூட இல்லை. கடைசி வரிதான் முக்கியமானது, நன்றி சொல்லும் கடமையிலிருந்து அவனை விடுவிக்கிறது. இதைக் குழுவில் போடாமல் அவனுக்குத் தனியாக, முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிவாக்கில் அனுப்புவது நல்லது. காலையில் அனுப்பினால் போனைக் கையில் எடுப்பான், நண்பர்கள் குழுவில் 'இந்தக் கேள்வி கட்டாயம் வரும்' என்று பரவும் வதந்திகளையும் சேர்த்துப் படிப்பான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் காலத்துத் தேர்வு இப்போது இல்லாமல் இருக்கலாம். 2018 வரை பிளஸ் டூ 1,200 மதிப்பெண்ணுக்கு நடந்தது, 2019 முதல் 600. அந்தப் பழைய முறையில் எழுதிய அண்ணன்கள் 'இத்தனை கேள்வி, இத்தனை நேரம்' என்று ஆலோசனை சொன்னால் பிள்ளை குழம்பிவிடும். சிபிஎஸ்இ பிள்ளைக்கு மாநிலத் தாளின் அமைப்பைச் சொல்வதும் அப்படித்தான். நிச்சயமாகத் தெரியாவிட்டால் தாளைப் பற்றிப் பேசாமல், படபடப்பைப் பற்றிய வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பதில் வேண்டாம் என்றாலும் சிலர் பதில் எழுதுவார்கள். 'ம்', 'சரிக்கா' என்று வந்தால் கவலை இல்லை. 'ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா' என்று வந்தால் ஆறுதல் வசனம் வேண்டாம். 'எந்தப் பாடம் தொல்லை பண்ணுது?' என்று கேட்டால் பேச்சு பிடிபடும் ஒரு விஷயத்துக்கு வந்துவிடும். நாள்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருக்கவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி பேச்சு வந்தால் அது குறுஞ்செய்தியில் தீரக்கூடியது அல்ல. உடனே போன் செய்து பேசி, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கான இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

தேர்வு முடிந்த மதியம் இன்னொரு செய்திக்கு இடம் இருக்கிறது. 'எப்படி எழுதின? ஒன் மார்க் எத்தனை சரி?' என்று கேட்டால், முடிந்துபோன தாளை அவன் மறுபடி திருத்த உட்காருவான். அடுத்த தேர்வு காத்திருக்கும். அதனால் 'சாப்பிட்டியா? அடுத்தது என்னைக்கு?' என்று மட்டும் கேளுங்கள்.