நிறம் மாறும் கற்கள்: அலெக்சாந்திரைற்றும் அதன் பெயர்தாங்கிகளும்

பகலில் பச்சையாகவும் விளக்கொளியில் சிவப்பாகவும் தோன்றும் கல்லைப் பற்றிக் கேள்வியுற்றோர், கல்லினுள்ளே ஏதோ மாற்றம் நிகழ்வதாகவே பெரும்பாலும் எண்ணுகின்றனர். கல் மாறுவதில்லை. மாறுவது அதன்மீது விழும் ஒளி. அவ்வொளியை எமது கண் மதிப்பிடும் முறையும் இதிற் பங்கு கொள்கின்றது. இவ்வுண்மையை விளங்கிக்கொண்டால், சந்தையில் அலெக்சாந்திரைற்று என்னும் பெயரில் விற்கப்படுவனவற்றுட் பல ஏன் அக்கல் அல்ல என்பதும் தெளிவாகும்.

அலெக்சாந்திரைற்று கிரைசோபெரில் என்னும் கனியத்தின் ஒரு வகையாகும். நாம் வைடூரியம் என்றழைக்கும் பூனைக்கண் கல்லும் அதே கனியமே. பெரிலியம், அலுமினியம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்து அமைந்த இப்பளிங்கில், அலுமினிய அணுக்கள் மிகச் சிலவற்றின் இடத்தைக் குரோமியம் பிடித்துக்கொள்ளும்போது அலெக்சாந்திரைற்று உண்டாகின்றது. மாணிக்கத்தைச் சிவப்பாக்குவதும் குரோமியமே. மரகதத்தைப் பச்சையாக்குவதும் பெரும்பாலும் குரோமியமே. ஒரே மூலகம் இரு வேறு நிறங்களைத் தருவது எங்ஙனம்?

குரோமிய அணுவைச் சூழ்ந்துள்ள ஒட்சிசன் அணுக்களின் நெருக்கம் கல்லுக்குக் கல் வேறுபடுகின்றது. அந்நெருக்கத்திற்கு ஏற்ப, ஒளியின் எப்பகுதி உறிஞ்சப்படும் என்பதும் வேறுபடும். மாணிக்கத்தில் மஞ்சட்பச்சைப் பகுதி, ஏறத்தாழ 550 நனோமீற்றர் அலைநீளத்தைச் சுற்றி, உறிஞ்சப்படுகின்றது, சிவப்பு எஞ்சுகின்றது. மரகதத்தில் உறிஞ்சல் 600 நனோமீற்றரை அண்டி நிகழ்வதால் பச்சை மேலோங்குகின்றது. அலெக்சாந்திரைற்று இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கின்றது. அதில் 570 முதல் 580 வரையான மஞ்சட் பகுதி உறிஞ்சப்பட, ஒருபுறம் நீலப்பச்சைக்கும் மறுபுறம் சிவப்புக்கும் என இரு சாளரங்கள் திறந்திருக்கின்றன. இரண்டும் ஏறத்தாழச் சமவலிமை உடையன. துலாக்கோல் நடுநிலையில் நிற்பது போன்றது இந்நிலை. எத்தட்டில் சிறிது பாரம் கூடினாலும் கோல் அப்பக்கம் சாயும்.

அப்பாரத்தை இடுவது ஒளியாகும். பகலொளியில் எல்லா அலைநீளங்களும் ஓரளவு நிரவலாக உள்ளன. மனிதக் கண்ணோ பச்சைப் பகுதிக்கே மிகுந்த உணர்திறன் உடையது. ஆதலின் பச்சை வெல்கின்றது. மெழுகுதிரியின் ஒளியிலும் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிலும் நீலமும் பச்சையும் குறைந்து சிவப்பு மிகுந்திருப்பதால் சிவப்பு வெல்கின்றது. அவ்வாறாயின் அதே விளக்கின் கீழ் வெள்ளைத் தாள் ஏன் சிவப்பாகத் தோன்றவில்லை என்று வினவலாம். தாள் எல்லா அலைநீளங்களையும் தெறிக்கச் செய்வதால், கண்ணும் மூளையும் விளக்கின் நிறச்சாய்வைக் கழித்து அதனை வெள்ளையென்றே ஏற்றுக்கொள்கின்றன. நடுப்பகுதி அகற்றப்பட்டு இரு முனைகள் மாத்திரம் எஞ்சியுள்ள கல்லுக்கு அக்கழிவு போதுமானதாக அமைவதில்லை.

இங்கு இன்றைய காலத்திற்குரிய ஒரு சிக்கலைச் சுட்டவேண்டும். இழைமின்குமிழ்கள் வீடுகளிலிருந்து மறைந்து வருகின்றன. அவற்றின் இடத்தைப் பிடித்துள்ள எல்.ஈ.டி. விளக்குகளுட் பல, பார்வைக்கு மஞ்சளாக ஒளிர்ந்தபோதும் ஆழ்ந்த சிவப்பு குறைந்தவை. அவற்றின் கீழ் நல்ல கல்லும் மங்கிய மாற்றத்தையே காட்டக்கூடும். ஆகவே கல்லைச் சோதிப்போர் மெழுகுதிரியையோ பழைய இழைமின்குமிழையோ நாடுதல் நன்று. கல்லைத் திருப்பாமல் ஒரே கிடையில் வைத்துப் பார்ப்பதும் அவசியம். ஏனெனில் அலெக்சாந்திரைற்று ஒரே விளக்கின் கீழும் திசைக்குத் திசை வேறு நிறம் காட்டும். அதனை ஒளிமாற்றத்தால் வந்த நிறமாற்றமென மயங்குவோர் உளர்.

இக்கல்லின் அருமைக்குக் காரணம் புவியியலிலேயே உள்ளது. பெரிலியம் பெரும்பாலும் கருங்கற் பாறைக் குழம்பின் இறுதி எச்சங்களிற் சேர்வது; குரோமியமோ அதற்கு முற்றிலும் மாறான, சிலிக்கா குறைந்த கரும்பாறைகளுக்குரியது. இவ்விரண்டும் சந்திக்கும் இடங்கள் மிகச் சில. உருசியாவின் யூரல் மலைத்தொடரில், மரகதம் அகழப்பட்ட இடங்களில், 1830களில் இக்கல் அறியப்பட்டது. பின்னர் இரண்டாம் அலெக்சாந்தர் எனச் சார் மன்னரான இளவரசரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. நிலத்தை அகழ்ந்தோரின் பெயர் கல்லுக்குச் சூட்டப்படுவது அரிது. இலங்கையின் இரத்தினக்கற் படிவுகளிலும் அலெக்சாந்திரைற்று கிடைக்கின்றது. இங்குள்ளவை அளவிற் பெரியனவாக இருப்பதுண்டு. வாசிங்டனில் உள்ள சிமித்சோனியன் நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள, ஏறத்தாழ 65 கரட் நிறையுடைய புகழ்பெற்ற கல் இலங்கையிற் பெறப்பட்டதே. எனினும் எமது கற்களின் பச்சை பெரும்பாலும் மஞ்சள் கலந்தது. சிவப்பு கபிலம் சார்ந்தது. 1987இல் பிரேசிலின் எமற்றிற்றாவிற் கண்டெடுக்கப்பட்ட கற்கள் இவ்வகையில் தெளிந்த மாற்றம் உடையவை. நிறம் மாறும் நீலக்கற்களும் கருணெற்றுக்களும் உள்ளன. அவற்றிலும் குரோமியமோ வனேடியமோ இதே நடுநிலையை உண்டாக்குகின்றது.

கிடைப்பதோ சிறிது, தேவையோ பெரிது. 1952இல் அமெரிக்க நகை வணிகர் தமது பிறப்புக்கற் பட்டியலில் யூன் மாதத்திற்கு முத்துடன் அலெக்சாந்திரைற்றையும் சேர்த்தனர். பன்னிரண்டில் ஒரு பங்கு மக்களுக்கு உரியதென விளம்பரம் செய்யப்பட்ட கல்லை இயற்கையால் எவ்வாறு வழங்க முடியும்? அவ்விடைவெளியை நிரப்ப மலிவான பொருள் ஒன்று முன்னரே ஆயத்தமாயிருந்தது. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வேர்னெயில் வெளியிட்ட முறையில், அலுமினியம் ஒட்சைட்டுத் தூள் ஐதரசன் சுவாலையினூடே விழுந்து உருகி, சில மணி நேரத்தில் குறுந்தப் பளிங்காக வளர்கின்றது. அத்தூளுடன் சிறிது வனேடியம் சேர்த்தால், பகலில் சாம்பல்நீலமும் விளக்கொளியில் ஊதாவும் காட்டும் கல் கிடைக்கும். இது கனிய வகையால் நீலக்கல்லின் இனத்தது, அலெக்சாந்திரைற்று அன்று. ஆயினும் தலைமுறைகளாக அப்பெயரிலேயே விற்கப்பட்டு வருகின்றது. குடும்பங்களிற் பேணப்படும் 'அலெக்சாந்திரைற்று' மோதிரங்கள் பலவற்றில் இருப்பது இதுவே.

இதனைக் கண்டறிதல் கடினமன்று. நகையிலிருந்து கழற்றிய கல்லொன்று தராசில் 8.00 கரட் நிறை காட்டுகின்றது எனக் கொள்வோம். மெல்லிய நூலிற் கட்டி நீரினுள் தொங்கவிட்டு நிறுத்தால் 6.00 கரட் காட்டுகின்றது. இழந்த நிறை 2.00 கரட், எட்டை இரண்டால் வகுக்க 4.00 வருகின்றது. அது குறுந்தத்தின் அடர்த்தி. கிரைசோபெரிலின் அடர்த்தி 3.73, அக்கல்லாயின் இழப்பு ஏறத்தாழ 2.14 கரட்டாக இருந்திருக்கும். நுண்ணிய தராசும் பொறுமையும் இருந்தாற் போதும். கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழிகளை மாத்திரம் துடைத்துவிட வேண்டும். உருப்பெருக்கியிற் பார்த்தால், இசைத்தட்டின் வரிகள் போன்று வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் தென்படலாம். இயற்கைப் பளிங்கின் வளர்ச்சிக் கோடுகள் நேரானவை. அவை இவ்வாறு வளைவதில்லை.

வேறொரு வகையில் இச்சோதனை பயன்படாது. 1970களிலிருந்து உண்மையான கிரைசோபெரிலே குரோமியத்துடன் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படுகின்றது. உருகிய உப்புக்கரைசலில் மாதக்கணக்கில் வளர்ப்பது ஒரு முறை. உருகலிலிருந்து பளிங்கை மெல்ல இழுத்தெடுப்பது மற்றொன்று. இழுத்தெடுக்கும் முறை லேசர் தண்டுகளுக்காகவும் பயன்படுகின்றது. தோல் மருத்துவத்தில் வழங்கும் அலெக்சாந்திரைற்று லேசர் அத்தகையதே. இவற்றின் அமைப்பும் அடர்த்தியும் நிறமாற்றமும் இயற்கைக் கல்லினுடையவையே; மாற்றம் பெரும்பாலும் இலங்கைக் கல்லினதைவிடத் தெளிவாகவும் இருக்கும். இவற்றைச் செயற்கை எனலாமேயன்றிப் போலி எனல் பொருந்தாது. பிரித்தறியத் தேர்ந்த கண்ணும் நுணுக்குக்காட்டியும் வேண்டும். உப்பின் எச்சங்கள் மெல்லிய திரைபோல் உறைந்திருத்தல், வளர்த்த பாத்திரத்தின் பிளாற்றினத் துணுக்குகள் காணப்படுதல் ஆகியன அடையாளங்கள். இழுத்தெடுக்கப்பட்ட கல்லோ சில வேளை எவ்வித அடையாளமும் இன்றித் தூயதாக இருக்கும். அப்போது ஆய்வுகூடத்தில் அதன் சுவட்டு மூலகங்களை அளந்தே முடிவு கூறவேண்டியுள்ளது. ஆதலின் மாசற்ற, பெரிய, மாற்றம் மிகத் தெளிந்த கல்லொன்று குறைந்த விலைக்கு வருமாயின், அம்மூன்று சிறப்புகளுமே வாங்குவோர் ஐயுறுதற்குரிய காரணங்களாகின்றன.