கடைசி நான்கு இலக்கம்

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று அம்மாபேட்டை. தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் மாலைக்குள் தெருமுனை வரை தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் டெங்கு பரவும் மாதங்களில் தினமும் காலை 7 மணிக்கு ஒரு காய்ச்சல் பட்டியல் தானாகவே தயாராகி, 40 பேருக்கு மின்னஞ்சலில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சுகாதாரத் துறைக்காரர்கள் இதை லைன் லிஸ்ட் என்பார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. அதில் பெயர், த/பெ அல்லது க/பெ, வயது, தெரு, செல் நம்பர், ரத்தப் பரிசோதனை முடிவு, கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம்.

இந்த 40 பேரில் மண்டல அலுவலருக்கு வேண்டியது எண்ணிக்கை. கொசு ஒழிப்பைக் கவனிப்பவருக்கு வேண்டியது தெரு. நோயாளியைக் கூப்பிட்டுப் பேச வேண்டியவர் ஒருவரோ இருவரோதான். ஆனாலும் ஒரே கோப்பு எல்லோருக்கும் போகிறது, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கும் போகிறது. சரி, மறைத்து அனுப்பலாம் என்று முடிவெடுக்கிறார்கள். கணினி தெரிந்த ஒருவர் செல் நம்பரின் முதல் ஆறு இலக்கங்களுக்கு நட்சத்திரம் போட்டு, கடைசி நான்கை மட்டும் விடுகிறார். ஆதார் அட்டையின் மறைக்கப்பட்ட பிரதியிலும் கடைசி நான்குதானே தெரிகிறது என்ற துணிச்சல்.

அட்டையில் அது பொருந்துகிறது. அதைக் கேட்டு வாங்குபவருக்கு நீங்கள் யார் என்று முன்பே தெரியும், நான்கு இலக்கம் சரிபார்க்க மட்டும்தான். பட்டியலில் நிலைமை வேறு. நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 சேர்க்கைகள் உண்டு. உங்கள் செல்லில் 400 பேரின் நம்பர் இருக்கிறது என்றால், யாரோ ஒருவரின் கடைசி நான்கு இலக்கம் அவற்றில் ஒன்றோடு தற்செயலாக ஒத்துப்போக ஏறத்தாழ 100-ல் 4 வாய்ப்புதான். ஆகவே பட்டியலில் உள்ள நான்கு இலக்கத்தைத் தேடும்போது உங்கள் செல்லில் ஒரு பெயர் வந்து நின்றால், அதுவும் அதே தெருக்காரர் பெயராக இருந்தால், அது அவர்தான். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தால் அதே செல்லில் சராசரியாக நான்கு பெயர்கள் வரும், அப்போதாவது சந்தேகம் மிஞ்சும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓர் அறிக்கை கடைசி நான்கைக் காட்டும், வேறொரு பிரிவின் அறிக்கை முதல் ஆறைக் காட்டும். இரண்டும் ஒருவர் கையில் சேர்ந்தால் பத்தும் முழுசாக வந்துவிடும். அதனால் நான் சொல்வது இதுதான்: பலருக்குப் போகும் அறிக்கையில் செல் நம்பருக்குக் கட்டமே வேண்டாம்.

பெயரை மறைப்பதில் தமிழ்நாட்டுக்கே உரிய தடுமாற்றங்கள் உண்டு. வெளிநாட்டில் எழுதிய மென்பொருள் பலவும் பெயரின் முதல் சொல்லை மறைத்து, கடைசிச் சொல்லை விடும். அங்கே கடைசிச் சொல் குடும்பப் பெயர், ஆயிரம் பேருக்குப் பொது. நமக்கு முதலில் வருவது இனிஷியல். எஸ். கோவிந்தன் என்ற பெயரில் எஸ்ஸை மறைத்துவிட்டு கோவிந்தனை விட்டால் எதை மறைத்தோம்? அடுத்தது க/பெ. நோயாளி செல்வியின் பெயரை நட்சத்திரமாக்கிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் கணவர் பெயரை அப்படியே விடுவது அடிக்கடி நடக்கிறது. தெருவில் அவரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள்.

எழுத்தையே வெட்டும்போது வேறொரு கோளாறு. முதல் எழுத்தை விட்டு மற்றதை மறை என்று நிரலுக்குச் சொன்னால், கோவிந்தனுக்கு 'கோ' வராது, 'க' வரும். யூனிகோடில் 'கோ' என்பது க-வும் ஒரு துணைக்குறியும் சேர்ந்தது, நிரல் அவற்றை இரண்டாக எண்ணுகிறது. செல்வி நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஆறு. மறைந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம் என்று போட்டால் பெயரின் நீளமும் வெளியே தெரியும். 20 வீடு உள்ள தெருவில் முதலெழுத்தும் நீளமும் போதும், ஆள் யார் என்று சொல்லிவிடலாம். எத்தனை எழுத்தானாலும் ஒரே அளவு நட்சத்திரம் போட வேண்டும், அல்லது பெயரை எடுத்துவிட்டு வேறொரு குறியைப் போட வேண்டும்.

குறி ஏன் தேவை என்றால், நேற்றுப் பட்டியலில் இருந்தவரும் இன்றைய பட்டியலில் இருப்பவரும் ஒருவரா என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒரே நோயாளி இரண்டு காய்ச்சலாக எண்ணப்படுவார். இதற்குப் பலரும் கையில் எடுப்பது ஹாஷ். எதைக் கொடுத்தாலும் அதற்கென ஒரு நீளமான கலவையைத் தரும் கணக்கு அது. ஒரே நம்பருக்கு எப்போதும் ஒரே கலவை வரும், கலவையிலிருந்து நேராகத் திரும்பிப் போக வழியில்லை. பாதுகாப்பாகத் தோன்றும். நியூயார்க் நகரிலும் அப்படித்தான் தோன்றியது. 2013-ல் அங்கே ஓடிய டாக்சிகளின் 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்களின் விவரம், தகவல் கேட்டவருக்கு 2014-ல் கொடுக்கப்பட்டது. வண்டி உரிம எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் எம்டி5 என்ற ஹாஷால் மாற்றியிருந்தார்கள். விஜய் பாண்டுரங்கன் என்ற பொறியாளர் திரும்பிப் போகவே முயலவில்லை. இருக்கக்கூடிய உரிம எண்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் போட்டு, பட்டியலோடு ஒப்பிட்டார். மொத்தமே சில கோடிக்குள் அடங்கும் எண்கள். சில மணி நேரத்தில் அத்தனை ஓட்டுநர்களும் வெளிப்பட்டார்கள்.

நம் செல் நம்பருக்கும் இதே கதிதான். 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம் என்றால் மொத்தம் 400 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் கணினி விளையாட்டுக்காக வாங்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு இத்தனைக்கும் எம்டி5 போட்டு முடிக்கச் சில விநாடிகள் போதும். தப்பிக்க வழி, ஹாஷுக்குள் ஒரு ரகசியச் சாவியையும் கலப்பது. சாவி இல்லாதவர் 400 கோடியையும் எழுதி வைத்தாலும் ஒப்பிட முடியாது. பைதானில் அது இவ்வளவுதான்:

```python
import hmac, hashlib
key = open("/etc/report.key", "rb").read()

def token(num):
    d = "".join(str(int(c)) for c in num if c.isdecimal())[-10:]
    return hmac.new(key, d.encode(), hashlib.sha256).hexdigest()[:8]
```

நடுவில் உள்ள வரியைக் கவனியுங்கள். ஒரு செவிலியர் +91 சேர்த்து எழுதுவார், ஒருவர் முன்னால் 0 போடுவார், ஒருவர் ஐந்தைந்தாகப் பிரித்து நடுவில் இடம் விடுவார், அபூர்வமாக ஒருவர் தமிழ் எண்களில் எழுதுவார். இலக்கங்களை மட்டும் பொறுக்கி, சாதாரண எண்ணாக மாற்றி, கடைசிப் பத்தை எடுத்த பிறகே ஹாஷ் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு நான்கு குறி வரும். ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரே செல் இருந்தால் எதிர்க் கோளாறு: மூவருக்கும் ஒரே குறி. அம்மாபேட்டை போன்ற இடத்தில் இது சாதாரணம். ஆகவே நம்பரோடு நோயாளியின் பதிவு எண்ணையும் சேர்த்துக் குறி உண்டாக்குவது நல்லது. சாவிக் கோப்பு அறிக்கை தயாரிக்கும் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. அதை யாராவது அந்த மின்னஞ்சலோடேயே இணைத்துவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

பெயரும் நம்பரும் போன பிறகும் ஆள் மிஞ்சுவார். 2020-ல் தமிழக சுகாதாரத் துறை தினமும் வெளியிட்ட கொரோனா செய்திக்குறிப்பு நினைவிருக்கும். இறந்தவர் பெயர் அதில் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், எந்த மருத்துவமனை, சேர்த்த நாள், இறந்த நாள், ஏற்கெனவே இருந்த நோய் ஆகியவை இருக்கும். சேலம் மாவட்டம் முழுவதற்கும் பார்த்தால் அது யாரோ ஒருவர். அதே வீதிக்காரருக்கு அந்த இரண்டு தேதிகளே போதும். மாவட்ட அளவிலேயே இப்படி என்றால் வார்டு அளவில் சொல்லவே வேண்டாம். நம் காய்ச்சல் பட்டியலில் 67 வயது, ஆண், இன்ன தெரு என்று இருந்தால் அதற்கு மேல் பெயர் எதற்கு? வயதை 60-க்கு மேல் என்று வகுப்பாக்கலாம். ஒரு தெருவில் ஐந்துக்குக் குறைவான நோயாளிகள் இருந்தால், பலருக்கும் போகும் பிரதியில் தெருவை எடுத்துவிட்டு வார்டை மட்டும் சொல்லலாம். கொசு ஒழிப்புக்காரருக்குத் தெரு கட்டாயம் வேண்டும், அவருக்குத் தனிப் பிரதி. அதில் தெரு இருக்கட்டும், வயதும் பரிசோதனை முடிவும் வேண்டாம்.

குறிப்புக் கட்டத்துக்கு நான் இரக்கம் காட்ட மாட்டேன். 'மகனுக்குப் போன் பண்ணவும்' என்று எழுதி அங்கேயே நம்பரையும் தட்டியிருப்பார்கள். நம்பரைத் தேடிப் பிடிக்கும் நிரல் பத்தில் ஒன்பதைப் பிடிக்கும், சுழியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டியிருந்தால் விட்டுவிடும். எந்தக் கட்டங்களை நீக்குவது என்று பட்டியல் போடாமல், எவை போகலாம் என்று பட்டியல் போட்டால் இந்தக் கட்டம் தானாகவே நின்றுவிடும். நாளை யாராவது புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாலும் அதுவும் நிற்கும்.

இந்த நீக்கல் எக்செல் கோப்புக்குள் நடக்கக்கூடாது, தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போதே நடக்க வேண்டும். எக்செலில் நெடுவரிசையை மறைப்பது அதை நீக்குவதாகாது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து போலீஸ், தகவல் கேட்ட ஒருவருக்குப் பதவி வாரியாக எண்ணிக்கை கொடுத்தது. கோப்பில் கண்ணுக்குப் படாத ஒரு தாளில் 9,483 போலீசார், ஊழியர்களின் பெயர் விவரம் அப்படியே இருந்தது. அடையாளத்தை மறைத்து வாழும் போலீசார் குடும்பங்கள் அச்சத்தில் விழுந்தன. பிவோட் அட்டவணையும் இதே ரகம். வார்டு வாரியாக மொத்தம் மட்டும் தெரியும், ஆனால் மூல வரிகளின் நகல் கோப்புக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். மொத்தத்தின் மேல் இரண்டு முறை தட்டினால் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள்.

இப்படி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வாயிற்காவல் உண்டு. xlsx கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். மின்னஞ்சல் கிளம்பும் முன், நிரலே அதைப் பிரித்து உள்ளே உள்ள எழுத்து முழுவதையும் எடுத்து, அன்றைய மூலப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு செல் நம்பரும் ஒவ்வொரு பெயரும் அதில் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒன்று கிடைத்தாலும் அஞ்சல் நிற்க வேண்டும். இலக்கங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி, கோடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தேடினால்தான் பிரித்து எழுதிய நம்பரும் அகப்படும். மணி, ராணி போன்ற சிறிய பெயர்கள் வேறு சொற்களுக்குள்ளும் வரும், அதனால் வீண் எச்சரிக்கை சில வரும். அப்போது ஒருவர் கண்ணால் பார்த்து விடுவித்தால் ஆயிற்று. அஞ்சல் பத்து நிமிடம் தாமதமாகும்.

இத்தனைக்கும் பிறகு, நோயாளியைக் கூப்பிட வேண்டிய அந்த ஒருவர் என்ன செய்வார்? அவர் கையில் எட்டெழுத்துக் குறி இருக்கிறது. மையக் கணினியில் தன் கடவுச்சொல்லோடு நுழைந்து அந்தக் குறியைத் தட்டுகிறார், அந்த ஒரு நோயாளியின் நம்பர் மட்டும் திரையில் வருகிறது. யார், எந்தக் குறியை, எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று பின்னால் ஒரு வரி பதிவாகிறது.