சர்க்கரைக்குப் புரதம் துணை

குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தரும் ஹிப் பாக்டீரியாவின் மேலுறை ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. அதை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த தடுப்பூசி 1985-ல் அமெரிக்காவில் வந்தது. ஆனால் நோய் அதிகம் தாக்கும் கைக்குழந்தைகளிடம் அது பலிக்கவில்லை.

காரணம், டி செல்லுக்குச் சர்க்கரை தெரியாது. வேறொரு செல் புரதத்தை விழுங்கி, துண்டாக்கி, எம்ஹெச்சி என்ற மூலக்கூறில் வைத்து நீட்டினால்தான் அது பொதுவாக அடையாளம் காணும். பி செல் அப்படியல்ல. சர்க்கரையை நேரடியாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் டி செல்லின் உதவியில்லாமல் வலுவான ஆன்டிபாடியோ நீடித்த நினைவோ உருவாவதில்லை. கைக்குழந்தையின் பி செல்லோ தனித்து அசைவதே அரிது.

தீர்வு கொஞ்சம் குறும்பானது. சர்க்கரையோடு டெட்டனஸ் டாக்சாய்டு போன்ற புரதத்தை வேதிப்பிணைப்பால் ஒட்டினார்கள். சர்க்கரையைப் பிடித்த பி செல், கூடவே புரதத்தையும் விழுங்கி அதன் துண்டை வெளியே காட்டுகிறது. அந்தத் துண்டை அடையாளம் கண்ட டி செல் பி செல்லைத் தொட்டுத் தூண்டி, இன்டர்லூக்கின்-21 போன்ற சைட்டோகைன்களையும் சுரக்கிறது. பி செல் பெருகி, ஐஜிஎம் வகையிலிருந்து ஐஜிஜி வகை ஆன்டிபாடிக்கு மாறி, நினைவு செல்களையும் விட்டுச்செல்கிறது. டி செல் கண்டது புரதத்தை. ஆன்டிபாடி கிடைத்ததோ சர்க்கரைக்கு எதிராக! இரண்டையும் ஒட்டாமல் வெறுமனே கலந்து போட்டால் இது நடக்காது.

இந்தியாவில் இது பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது. 6, 10, 14-வது வாரங்களில் மூன்று தவணையையும் தவறாமல் போட்டுவிடுங்கள்.