தொட்டியும் குழாயும்: சம்பளத்தையும் சொத்தையும் குழப்பிக்காம இருக்க

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். வருஷத்துக்கு 6 லட்சம் சம்பளம், கல்விக்கடன் 4 லட்சம். அப்போ கையில 2 லட்சம் மிச்சமா? பிளேஸ்மென்ட் சீசன்ல இந்தக் கணக்கைப் போடாதவங்க குறைவு. ஆனா இந்தக் கழித்தலே தப்பு. ஏன்னு புரிய ஒரு தண்ணீர்த் தொட்டி போதும். எங்க எகனாமிக்ஸ் எலெக்டிவ் வகுப்புல சார் போர்டுல வரைஞ்சதும் அதைத்தான்.

மொட்டை மாடியில ஒரு தொட்டி இருக்குன்னு வச்சுக்கோங்க. மேல ஒரு குழாய் வழியா தண்ணி உள்ள வருது, கீழ ஒரு குழாய் வழியா வெளிய போகுது. தொட்டியில இப்போ இருக்கிற தண்ணி 'இருப்பு', அதாவது ஸ்டாக். அதை லிட்டர்ல சொல்லுவோம். குழாயில ஓடுறது 'ஓட்டம்', அதாவது ஃப்ளோ. அதை நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர்னுதான் சொல்ல முடியும். எது எதுன்னு சந்தேகம் வந்தா ஒரு போட்டோ எடுக்கிறதா நினைச்சுப் பாருங்க. போட்டோவுல தொட்டி மட்டம் தெரியும், ஓட்டத்தோட வேகம் தெரியாது. அதுக்கு கடிகாரம் வேணும்.

இப்போ சார் கேட்ட கேள்வி. காலை 6 மணிக்குத் தொட்டியில 400 லிட்டர் இருக்கு. உள்ள வர்றது நிமிஷத்துக்கு 30 லிட்டர். வால்வைச் சீரா மூடிக்கிட்டே வந்து 7 மணிக்கு அதை 10 லிட்டருக்குக் கொண்டு வர்றோம். வெளிய போறது முழுக்க நிமிஷத்துக்கு 15 லிட்டர்தான். தொட்டியில தண்ணி எப்போ அதிகமா இருக்கும்?

வகுப்புல நிறைய பேர் "6 மணிக்கு சார், அப்போதான் அதிகமா வருது"ன்னாங்க. பதில் 6:45. வரவு குறைஞ்சாலும், அது போற அளவைவிடக் கூடுதலா இருக்கிற வரைக்கும் மட்டம் ஏறிக்கிட்டேதான் இருக்கும். 45-வது நிமிஷத்துல வரவும் 15, போக்கும் 15. அங்கதான் உச்சம், 737.5 லிட்டர். அதுக்கப்புறம் இறங்கி 7 மணிக்கு 700. நம்ம பாஷையில சொன்னா, இருப்புங்கிறது நிகர ஓட்டத்தோட இன்டெக்ரல்.

இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. லிண்டா பூத் ஸ்வீனியும் ஜான் ஸ்டெர்மனும் எம்.ஐ.டி. மேலாண்மை மாணவர்கள்கிட்டயே இந்த மாதிரி குளியல்தொட்டிக் கணக்கு குடுத்துப் பார்த்து, 2000-ல கட்டுரையா வெளியிட்டாங்க. அங்கயும் கணிசமானவங்க தடுமாறினாங்க.

இப்போ பணத்துக்கு வருவோம். சம்பளம் ஓட்டம். செலவும் ஓட்டம். சொத்து இருப்பு. கடனும் இருப்புதான், ஆனா மைனஸ்ல. முதல் கேள்வியில தப்பு எங்கன்னு இப்போ தெரியுதா? 6 லட்சத்துக்குப் பின்னாடி 'வருஷத்துக்கு'ன்னு ஒரு யூனிட் ஒட்டிக்கிட்டு இருக்கு. 4 லட்சத்துக்கு அது கிடையாது. லிட்டர்ல இருந்து லிட்டர்/நிமிஷத்தைக் கழிப்பீங்களா? அதே கதைதான்.

சரியான கணக்கு இப்படி. வேலைக்குச் சேர்ற அன்னைக்கு உங்க நிகரச் சொத்து மைனஸ் 4,00,000. மாசம் கைக்கு வர்றது 35,000, சாப்பாடு, வாடகைன்னு செலவு 22,000. மிச்சம் 13,000. அதுல 10,000 தவணை கட்டுறீங்க. வட்டி வருஷத்துக்கு 10 சதவீதம்னா, முதல் மாச வட்டி சுமார் 3,333. தவணையில அந்த 3,333 மட்டும்தான் உண்மையான கசிவு. மீதி 6,667 கடனைக் குறைக்குது, அதாவது பள்ளத்தை நிரப்புது. மாசக் கடைசியில பேங்க்ல 3,000, கடன் 3,93,333. நிகரச் சொத்து மைனஸ் 3,90,333. ஒரு மாசத்துல ஏறினது 9,667. சம்பளம் 35,000-ஆ இருந்தாலும் மட்டம் ஏறினது அவ்வளவுதான்.

80,000 சம்பளம் வாங்கி 78,000 செலவு பண்றவரை விட 30,000 வாங்கி 22,000-ல முடிக்கிறவரோட தொட்டி வேகமா நிரம்புறதும் இதனாலதான். முதலாமவருக்கு மாசம் 2,000 சேருது, ரெண்டாமவருக்கு 8,000.

தொட்டி உவமைக்கு ரெண்டு எல்லை உண்டு. தொட்டித் தண்ணி தானா பெருகாது. ஆனா வீட்டுல இருக்கிற நகையோட மதிப்பு தங்க விலை ஏறினா ஏறும், ஒரு ரூபா வரவு இல்லாமலே. இன்னொண்ணு, பணத்துல இருப்பே ஓட்டத்தை உண்டாக்கும். டெபாசிட்டுக்கு வட்டி வரும், கடனுக்கு வட்டி போகும். அதனாலதான் அதே தவணையைத் தொடர்ந்து கட்டினா, அசல் குறையக் குறைய வட்டிக் கசிவும் சின்னதாகிக்கிட்டே வருது.

அடுத்த தடவை ஆஃபர் லெட்டர்ல ஒரு பெரிய எண்ணைப் பார்த்தா, முதல்ல அதுக்குப் பின்னாடி 'வருஷத்துக்கு' இருக்கான்னு பாருங்க. இருந்தா அது குழாய். தொட்டியை வேற இடத்துல தேடணும்.