256 ஜிபி என்று பொய் சொன்ன போன்

திருநெல்வேலியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் அவர். கடைகளில் 28,000 ரூபாய்க்கு விற்கும் பிரபல நிறுவனத்தின் போன் 6,499 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் பார்த்தார். ‘ஸ்டாக் கிளியரன்ஸ் சேல், இன்று மட்டும்’ என்றது விளம்பரம். பொருள் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்றதும் இருந்த தயக்கமும் போய்விட்டது. ஆனால் கூரியர்காரர் பணத்தை வாங்கிக்கொண்டுதான் பார்சலைக் கொடுத்தார். பிரித்துப் பார்ப்பதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

பெட்டி, முத்திரை, சார்ஜர் எல்லாமே அசல் போலத்தான் இருந்தன. மூன்றாவது வாரம் வகுப்புப் பாட வீடியோ ஒன்றை இறக்கப் பார்த்தபோது சேமிக்க இடமில்லை என்றது போன். செட்டிங்ஸில் பார்த்தால் 256 ஜிபியில் 190 ஜிபி காலி. குழம்பிப்போய், போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனார்.

“வாங்கின பெட்டி இருக்கா தம்பி?”

“ஹாஸ்டல்ல கிடக்குண்ணே.”

“எடுத்துட்டு வா. போன் சொல்றதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.”

கடைக்காரர் சொன்ன அந்த வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. நகல் போன் செய்பவர்கள் உறையை மட்டும் நகலெடுப்பதில்லை. உள்ளே ஓடும் மென்பொருளையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். செட்டிங்ஸில் தெரியும் மாடல் பெயர், நினைவகம், ஆண்ட்ராய்டு பதிப்பு எல்லாம் அவர்கள் எழுதி வைத்த எழுத்துகள். உள்ளே 16 ஜிபி மட்டும் இருந்தாலும் திரை 256 என்றே காட்டும். எனவே சோதனை அந்தத் திரைக்கு வெளியே நடக்க வேண்டும்.

பெட்டி வந்ததும் கடைக்காரர் போனில் *#06# என்று அழுத்தினார். திரையில் 15 இலக்க ஐஎம்இஐ எண் வந்தது. அதன் முதல் 8 இலக்கங்கள் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதைக் குறிப்பவை. பெட்டியில் அச்சிட்டிருந்த எண் வேறாக இருந்தது. பிறகு தன் சொந்த போனிலிருந்து KYM என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, திரையில் வந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினார். இது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சேவை. வந்த பதிலில் இருந்தது வேறொரு நிறுவனத்தின் மலிவு மாடல். பெட்டியிலிருந்த எண்ணை அனுப்பியபோது சரியான மாடல் பெயரே வந்தது. எங்கோ ஓர் அசல் போனின் எண்ணை எடுத்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். போனுக்குள்ளேயே அப்படித் திருட்டு எண்ணைப் போட்டுவிடுபவர்களும் உண்டு. அதனால் பதிலில் வேறு மாடல் வந்தால் போலி என்று நம்பலாம்; சரியான மாடல் வந்துவிட்டால் மட்டும் அசல் என்று நம்பிவிடக் கூடாது.

அடுத்து பிளே ஸ்டோருக்குள் போய், செட்டிங்ஸில் ‘About’ பகுதியைத் திறந்தார். அங்கே Device is not certified என்று இருந்தது. கூகுளின் சான்று அந்த போனுக்கு இல்லை. கடைசியாக, கேமராவைத் திறந்து பின்பக்கத்து மூன்று லென்ஸ்களையும் விரலால் ஒவ்வொன்றாக மூடினார். இரண்டை மூடியபோது, எந்த அளவு ஜூமிலும், படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவை வெறும் கண்ணாடி.

6,499 ரூபாய் போனதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் காஸ்பர்ஸ்கி பாதுகாப்பு நிறுவனம், நகல் ஆண்ட்ராய்டு போன்களில் ‘ட்ரையாடா’ என்ற தீய மென்பொருள் விற்பனைக்கு முன்பே புகுத்தப்பட்டிருப்பதாக அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரஷ்யாவில் இருந்தார்கள். எஸ்எம்எஸ்களைப் படிக்கவும் அனுப்பவும் கூடிய இது சிஸ்டத்தின் அடியிலேயே உட்கார்ந்திருப்பதால் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. எல்லா நகல் போனிலும் இது இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லை என்று நாம் உறுதி செய்துகொள்ளவும் வழியில்லை. வங்கி ஓடிபி வரும் சிம்மை உடனே கழற்றச் சொன்னார் கடைக்காரர். மாணவர் தன் கடவுச்சொற்களை நண்பனின் போனிலிருந்து மாற்றினார்.

பணம் திரும்பியதா? இன்னும் இல்லை. அந்த இணையதளமே காணாமல் போய்விட்டது. பார்சல் ஒட்டு, பணம் கொடுத்த ரசீது, 14422-இன் பதில் ஆகியவற்றோடு 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறார். இதையே பெயர் தெரிந்த பெரிய இணையச் சந்தையில் வாங்கியிருந்தால் அவர் நிலை வேறு. போலிப் பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். மறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஆனால் திருப்பி அனுப்புவதற்கான நாட்கள் குறைவு. ஆகவே புதுப் போன் வந்தால் சிம்மைப் போடுவதற்கு முன்பே பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், *#06# அழுத்துங்கள், வேறொரு போனிலிருந்து 14422-க்கு அனுப்புங்கள். அன்றே செய்யுங்கள்.