பிரெஞ்சில் ‘என்ன’ கேட்பது எப்படி?

“உங்கள் முகவரி என்ன?” பிரெஞ்சு படிக்கத் தொடங்குபவர் முதல் மாதமே கேட்கப் பழகும் கேள்வி இது. ‘என்ன’வுக்கு அகராதியில் ‘க்வா’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “க்வா ஏ வோத்ர் அத்ரெஸ்?” என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. “கெல் ஏ வோத்ர் அத்ரெஸ்?” என்றுதான் கேட்க வேண்டும்.

நம் ‘என்ன’, பெயரையும் கேட்கும், செயலையும் கேட்கும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். கேள்வி ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றியதென்றால் ‘கெல்’ வரும். “கெல் லீவ்ர்?” என்றால் எந்தப் புத்தகம். இதில் பெயர் பக்கத்திலேயே நிற்கிறது. முகவரிக் கேள்வியில் நடுவே ‘ஏ’ என்ற வினைச்சொல் புகுந்துவிட்டது. ஆனாலும் ‘கெல்’லைக் கட்டுப்படுத்துவது அதைத் தாண்டி நிற்கும் ‘அத்ரெஸ்’தான். அத்ரெஸ் பெண்பால். ஆகவே ‘கெல்’லும் பெண்பாலாக வேண்டும்.

அந்த மாற்றம் காதுக்கு எட்டாது என்பதுதான் தொல்லை. ஆண்பால் ஒருமைக்கு ஒற்றை ‘எல்’லோடு முடியும் சொல், பெண்பாலில் இன்னொரு ‘எல்’லும் ஒரு ‘ஈ’யும் சேர்த்துக்கொள்கிறது. பன்மையென்றால் இரண்டுக்குமே கடைசியில் ஓர் ‘எஸ்’ ஒட்டும். எழுத்தில் நான்கு வடிவங்கள் இருந்தாலும் வாயில் வருவது ஒரே ‘கெல்’தான். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும் பன்மை ‘எஸ்’ வெளியே தலைகாட்டும்: ‘எந்த நண்பன்’ என்பது ‘கெலமி’, ‘எந்த நண்பர்கள்’ என்பது ‘கெல்ஸமி’. பேசும்போது தப்பித்துக்கொள்பவர்கள் தேர்வுத்தாளில் மாட்டிக்கொள்வது இதனால்தான். பெயர்ச்சொல்லைப் படிக்கும்போதே அதன் பாலையும் சேர்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

பெயரைச் சொல்லாமலே ‘எது?’ என்று கேட்க ‘லுகெல்’. கண்ணெதிரே சில பொருள்கள் இருந்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போதுதான் இது வரும். ‘கெல்’லுக்கு முன்னால் ‘லு’ என்ற சுட்டுச்சொல் ஒட்டி உண்டான சொல் இது. சுட்டுச்சொல்லும் பால், எண் பார்த்து மாறுவதால் இங்கே வித்தியாசம் காதிலேயே விழுந்துவிடும்: ஆண்பாலுக்கு லுகெல், பெண்பாலுக்கு லாகெல், பன்மைக்கு லேகெல்.

பாரிஸில் ஒரு துணிக்கடைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஆண்கள் போடும் சட்டை ‘ஷெமீஸ்’; இலக்கணத்தில் அது பெண்பால். பெண்கள் அணியும் மேல்சட்டை ‘ஷெமிஸியே’; அது ஆண்பால்! அணிபவரைப் பார்த்துப் பால் சொன்னால் இரண்டுமே தப்பாகும். இரண்டு ஷெமீஸை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்காரர் “லாகெல்?” என்பார். ஷெமிஸியே என்றால் “லுகெல்?” என்பார். அவர் கேட்பது துணியின் பால்; வாங்க வந்தவருடையது அல்ல.

இந்தச் சொல்லுக்கு முன் ‘ஆ’ என்ற முன்னிடைச்சொல் வந்தால் ‘ஆ’வும் ‘லு’வும் கலந்து ‘ஓகெல்’ ஆகிவிடும். பெண்பால் ஒருமை மட்டும் கலக்காமல் ‘ஆ லாகெல்’ என்றே நிற்கும்.

செயலைக் கேட்கத்தான் ‘க்வா’. ஆனால் அது எல்லா இடத்திலும் உட்காராது. “என்ன செய்கிறாய்?” என்பதற்கு “த்யு ஃபே க்வா?” என்று வினைக்குப் பின்னால் வைக்கலாம்; நண்பர்களுக்குள் இப்படித்தான் பேச்சு. அதையே வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோனால் சொல் ‘கு’ என்று மாறி “கு ஃபே த்யு?” ஆகிவிடும். இது கொஞ்சம் ஏட்டு நடை. இரண்டுக்கும் நடுவே, எங்கும் செல்லுபடியாவது “கெஸ் கு த்யு ஃபே?”.

முன்னிடைச்சொல் துணைக்கு வந்தால் மட்டும் ‘க்வா’ தலையிலும் உட்காரும். “எதைப் பற்றி யோசிக்கிறாய்?” என்பது “ஆ க்வா பான்ஸ் த்யு?”. இந்த இடத்தில் தமிழருக்குக் கொஞ்சம் வசதி. ஆங்கிலத்தில் கேள்விச்சொல் முன்னே ஓட, முன்னிடைச்சொல் கடைசியில் தனியே தங்கிவிடலாம். பிரெஞ்சு அதற்கு இடம் கொடுக்காது. நம் ‘எதை’யும் ‘பற்றி’யும் போல இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்ப்பவர்கள்தான் இங்கே இடறுகிறார்கள்.

முகவரியைக்கூட ‘க்வா’ வைத்துக் கேட்பவர்கள் உண்டு. “சே க்வா வோத்ர் அத்ரெஸ்?” என்பது தெருப்பேச்சில் சர்வசாதாரணம், ‘க்வா’ அங்கே வினைக்குப் பின்னால் வந்துவிட்டதல்லவா! ஆனாலும் விண்ணப்பத்திலோ தேர்விலோ அதை எழுதாதீர்கள். எதிராளி சொன்னது காதில் விழவில்லை என்றால் வெறும் “க்வா?” என்று கேட்பதும் வேண்டாம். நாம் பெரியவர்களிடம் “என்னா?” என்று கேட்பதுபோல அது மரியாதைக் குறைவு. “கொமான்?” என்றோ “பார்தோன்?” என்றோ கேளுங்கள்.