பெருக்கிப் பெருக்கிப் பூச்சியமாகும் எண்கள்

0 முதல் 71 வரையுள்ள எண்களை ஒரு வட்டமாக எழுதுங்கள். 71-க்கு அடுத்து மறுபடியும் 0. கூட்டினாலும் பெருக்கினாலும் விடையை 72-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். பள்ளியில் ‘மட்டு 72’ என்று படித்த அதே கணக்குதான்.

இதில் 6-ஐ எடுங்கள். 6×6 = 36. இன்னொரு முறை 6-ஆல் பெருக்கினால் 216. அது 72-இன் மூன்று மடங்கு, ஆகவே மீதி 0. பூச்சியமில்லாத ஓர் எண், தன்னையே மூன்று முறை பெருக்கிக்கொண்டதில் பூச்சியமாகிவிட்டது. இப்படி ஏதாவது ஓர் அடுக்கில் பூச்சியமாகும் உறுப்பை ‘நில்பொடென்ட்’ என்பார்கள். அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் 1870-இல் கொண்டுவந்த சொல் இது. ஒரு வளையத்தில் உள்ள இத்தகைய உறுப்புகள் அனைத்தும் சேர்ந்தது அதன் நில்ராடிகல். வளையம் என்றால் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வழக்கமான விதிகளோடு நடக்கும் ஓர் எண்களம். இங்கே பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாத வளையங்களை மட்டும் பார்ப்போம்.

8-ஐயும் சோதிப்போம். 8×8 = 64. அதை மீண்டும் 8-ஆல் பெருக்கினால் 512. 72-ஆல் வகுத்தால் மீதி 8. ஆக 8, 64, 8, 64 என்று சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர, பூச்சியத்தைத் தொடாது. 9-இன் கதை இன்னும் சுருக்கம்: 9×9 = 81, மீதி 9. ஆனால் 8×9 = 72, அதாவது 0. மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. வேறொரு எண்ணோடு சேர்ந்து பூச்சியமாவது வேறு, தனியாகத் தன்னையே பெருக்கிப் பூச்சியமாவது வேறு. 8-க்கும் 9-க்கும் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை.

அப்படியானால் 72 எண்களையும் ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். 72 = 2³×3². ஓர் எண்ணின் அடுக்கு 72-ஆல் வகுபட வேண்டுமென்றால் அந்த அடுக்கை 2-உம் 3-உம் வகுக்க வேண்டும். அடுக்கை வகுக்கும் பகா எண் மூல எண்ணையும் வகுத்தே தீரும். எனவே அந்த எண் 6-இன் மடங்கு. மறுபக்கம், 6-இன் எந்த மடங்கை எடுத்தாலும் அதன் மூன்றாம் அடுக்கு 216-ஆல் வகுபடும், ஆகவே 72-ஆலும் வகுபடும். முடிந்தது: 0, 6, 12 என்று 66 வரை 12 எண்கள். அவைதான் நில்ராடிகல். 30-ஐப் போல எந்தப் பகா எண்ணும் ஒரு முறைக்கு மேல் வராத எண்ணை எடுத்தால், நில்ராடிகலில் 0 மட்டுமே மிஞ்சும்.

இப்போது இதையே வேறு கோணத்தில் பார்ப்போம். ஐடியல் என்பது வளையத்துக்குள் ஒரு கூட்டம். அதன் உறுப்புகளைக் கூட்டினால் விடை உள்ளேயே இருக்கும். வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்து பெருக்கினாலும் உள்ளேயே இருக்கும். மட்டு 72-இல் இரட்டை எண்கள் ஓர் ஐடியல், 4-இன் மடங்குகள் இன்னொன்று. முழு வளையமும் அல்லாத ஓர் ஐடியலில் ஒரு பெருக்கற்பலன் இருந்தால் அதன் காரணிகளில் ஒன்றாவது உள்ளே இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் நிறைவேறினால், அது பகா ஐடியல். 4-இன் மடங்குகள் இதில் தோற்றுவிடும்: 2×6 = 12 உள்ளே இருக்கிறது, 2-உம் 6-உம் வெளியே நிற்கின்றன. கடைசியில் தேறுபவை இரண்டுதான்: 2-இன் மடங்குகள், 3-இன் மடங்குகள். இரண்டுக்கும் பொதுவானவை 6-இன் மடங்குகள். நாம் முன்பு கண்ட அதே 12 எண்கள்!

இது தற்செயல் இல்லை. எந்த வளையத்திலும் நில்ராடிகல் என்பது எல்லாப் பகா ஐடியல்களின் வெட்டு. வளையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இது பொருந்தும் என்று ஜெர்மானியரான வோல்ஃப்காங் குருல் 1929-இல் காட்டினார்.

ஒரு பாதி எளிது. a-யின் ஓர் அடுக்கு 0 என்றால், 0 எல்லா ஐடியலிலும் இருப்பதால், பகா ஐடியலின் விதிப்படி a-யும் உள்ளே இருந்தாக வேண்டும். மறுபாதிக்கு, a-யின் எந்த அடுக்கும் பூச்சியமாகவில்லை என்று வைப்போம். அதைச் சேர்த்துக்கொள்ளாத ஒரு பகா ஐடியலைக் காட்டினால் போதும். a, a², a³ என எந்த அடுக்கையும் உள்ளே விடாத ஐடியல் ஒன்றை, இனிப் பெரிதாக்கினால் ஏதோ ஓர் அடுக்கு நுழைந்துவிடும் என்ற எல்லை வரை பெரிதாக்குங்கள். (முடிவிலா வளையங்களில் இதற்கு ‘சோர்ன் துணைத்தேற்றம்’ தேவை.) b, c இரண்டும் அதற்கு வெளியே இருக்கட்டும். b-ஐச் சேர்த்தால் a-யின் ஓர் அடுக்கு நுழையும். C-ஐச் சேர்த்தால் இன்னோர் அடுக்கு நுழையும். அந்த இரண்டு அடுக்குகளின் பெருக்கற்பலன், bc-ஐச் சேர்த்துப் பெரிதாக்கிய ஐடியலில் கிடக்கும். bc முன்பே உள்ளே இருந்திருந்தால், a-யின் அந்த அடுக்கும் முன்பே உள்ளே இருந்திருக்கும். அது நடக்கவில்லை என்பதால் bc-யும் வெளியேதான். ஆகவே இது பகா ஐடியல். நம் 8-க்கு அந்த ஐடியல் 3-இன் மடங்குகள்: 8-உம் இல்லை, 64-உம் இல்லை.

எண்களை விட்டுப் பல்லுறுப்புக்கோவைகளுக்குப் போனால் காட்சி அப்படியே திரும்ப வரும். மெய்யெண் கெழுக்கள் கொண்ட கோவைகளை f = x³(x−1)²-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 2-இன் இடத்தில் x, 3-இன் இடத்தில் x−1. பகா ஐடியல்கள் இரண்டு, அவற்றின் வெட்டு x(x−1)-இன் மடங்குகள். அதன் வர்க்கமான x²(x−1)² பூச்சியமில்லை. மூன்றாம் அடுக்கு f-ஆல் வகுபடுவதால் பூச்சியம். 6 செய்ததைத்தான் இதுவும் செய்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. கோவையைக் காரணிப்படுத்தாமலே இங்கே விடைக்கு வரலாம். f-ஐ விரித்தால் x⁵−2x⁴+x³. அதன் வகைக்கெழு 5x⁴−8x³+3x². இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி x²(x−1). அதனால் f-ஐ வகுத்தால் x(x−1) கிடைத்துவிடும். பொது வகுத்தியைத் தொடர் வகுத்தலாலேயே கண்டுபிடிக்கலாம். முழு எண்களுக்கு வகைக்கெழு கிடையாது. மிகப் பெரிய n ஒன்றைக் காரணிப்படுத்தாமல் இந்த வேலையை வேகமாக முடிக்க இன்றுவரை வழி தெரியவில்லை.

இந்தக் குறுக்குவழி ஓரிடத்தில் காலை வாரும். கெழுக்களையே மட்டு 2-இல் எடுத்தால் x²+1 = (x+1)². அதன் வகைக்கெழு 2x, அதாவது 0. அப்போது பொது வகுத்தி f-ஏ ஆகி, வகுத்தால் 1 வந்து நிற்கும். 1 நில்பொடென்ட் ஆக முடியாது. வகைக்கெழு முழுவதும் பூச்சியமானால், வழி தவறிவிட்டோம் என்று அறியலாம். சரியான விடை x+1.

நில்ராடிகலைத் தூக்கி எறிந்தால் என்ன ஆகும்? மட்டு 72 சுருங்கி மட்டு 6 ஆகும். பகா எண்கள் 2, 3 இரண்டும் பத்திரமாக இருக்கும். அவை எத்தனை முறை வந்தன என்ற தகவல்தான் போய்விடும்.

அந்தத் தகவல் எதற்கு என்பதை ஒரு வரைபடம் காட்டும். y = x² என்ற பரவளையத்தை, h நேர்ம எண்ணாக இருக்கும்போது, y = h என்ற கோடு இரண்டு புள்ளிகளில் வெட்டும். x²−h இரண்டு வெவ்வேறு காரணிகளாகப் பிரியும், நில்ராடிகலில் 0 மட்டுமே இருக்கும். கோட்டைக் கீழே இறக்குங்கள். h = 0 ஆனதும் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகி, கோடு தொடுகோடாகிறது. சமன்பாடு x² = 0. இந்த வளையத்தில் ஒரே ஒரு பகா ஐடியல், x-இன் மடங்குகள். பகா ஐடியல்களை எண்ணுபவருக்கு அங்கே ஒரு புள்ளிதான். ஆனால் x இன்னும் பூச்சியமில்லை, அதன் வர்க்கம்தான் பூச்சியம். அங்கே இரண்டு புள்ளிகள் வந்து சேர்ந்தன என்பதை அந்த x நினைவில் வைத்திருக்கிறது.